பழைய கோடிக்கு விலக்கு, புதிய சேமிப்புக்கு வரி

2025 ஆடி நோம்பிக்கு மகளும் மாப்பிள்ளையும் பெங்களூரிலிருந்து ஈரோட்டுக்கு வந்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்ததும் மாப்பிள்ளை மெதுவாக ஆரம்பித்தார்.

"மாமா, நீங்க சொல்லித்தானுங்க பி.எஃப்.ல கூடுதலாப் போட்டேன். வரி வருதுன்னு நிறுத்தி ஒரு வருஷம் ஆச்சு. நிறுத்தின வருஷத்துக்குத்தானுங்க வரி ஜாஸ்தியா வருது."

"அப்படி வராதுங்களே மாப்பிள்ளை" என்றேன். பெருந்துறை ரோட்டில் ஒரு மில் ஆபீசில் இருபத்தாறு வருஷம் 3ஏ, 6ஏ படிவங்கள் நிரப்பியவன் நான். பி.எஃப். வட்டிக்கு வரி கிடையாது என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த நம்பிக்கையில்தான் அவருக்கும் யோசனை சொன்னேன். நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அவர் சொன்னது சரி, நான் சொன்னது பழைய கதை.

2021 பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கொண்டுவந்த மாற்றம் இது. 2021 ஏப்ரல் 1 முதல் ஒரு தொழிலாளி தன் பங்காக வருஷத்துக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல் பி.எஃப்.பில் போட்டால், மேலே போன தொகைக்கு வரும் வட்டிக்கு வரி உண்டு. கம்பெனி போடும் பங்கு இந்தக் கணக்கில் சேராது. ஆனால் நாமாக விரும்பிப் போடும் வி.பி.எஃப். சேரும்.

மாப்பிள்ளையின் அடிப்படைச் சம்பளம் மாதம் ஒன்றரை லட்சம். அதில் 12 சதவீதம் 18,000. என் யோசனைப்படி கூடுதலாகப் போட்டது 12,000. மாதம் 30,000, வருஷத்துக்கு 3,60,000. ஆக, வரம்புக்கு மேலே போனது 1,10,000.

முதல் வருஷம் ஒன்றும் தெரியவில்லை. மாதாமாதம் கூட்டிக்கொண்டே வந்து ஒன்பதாவது மாதத்தில்தான் இரண்டரை லட்சம் தாண்டுகிறது. அதனால் மிச்சமிருக்கும் இரண்டு மூன்று மாதத்துக்கு வந்த வட்டி ஆயிரம் ரூபாய்தான். வட்டி 5,000 ரூபாய்க்குள் இருந்தால் டி.டி.எஸ். பிடிக்க மாட்டார்கள். பிடிக்கவில்லை என்றால் வரி இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ரிட்டர்னில் 'இதர வருமானம்' என்று நாம்தான் காட்ட வேண்டும்.

சிக்கல் இரண்டாம் வருஷத்திலிருந்து. 2021 ஆகஸ்டில் வந்த 9டி விதிப்படி ஒருவருடைய பி.எஃப்.பை இரண்டு கணக்காகப் பிரிக்கிறார்கள். ஒன்று வரியில்லாத கணக்கு, இன்னொன்று வரிக் கணக்கு. வரம்புக்கு மேலே போனது வரிக் கணக்கில் விழுகிறது. அதன் வட்டியும் அங்கேயே சேர்கிறது, அடுத்த வருஷம் அந்த வட்டிக்கு வரும் வட்டிக்கும் வரி. பணத்தை வெளியே எடுக்கும்வரை இப்படியே போகும். புதிதாக ஒரு ரூபாய் போடாவிட்டாலும் போகும்.

மாப்பிள்ளை மூன்று வருஷம் போட்டார். வரிக் கணக்கில் வட்டியோடு சேர்ந்து ஏறக்குறைய 3,61,000 ஆனது. 2024 ஏப்ரலில் வி.பி.எஃப்.பை நிறுத்திவிட்டார். அந்த வருஷம் எட்டேகால் சதவீத வட்டியில் இதற்கு வந்தது சுமார் 29,800. முப்பது சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து வரி ஏறக்குறைய 9,300. முந்தின வருஷம் கட்டியது 6,300தான். வட்டி பி.எஃப்.புக்குள்ளேயே இருக்கிறது, கைக்கு வரவில்லை. பத்து சதவீதம் டி.டி.எஸ். போக மீதி வரியைச் சம்பளப் பணத்திலிருந்து கட்டுகிறார்.

இதனால் அவர் அழிந்துவிடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வரி போக அந்தப் பணத்துக்கு ஐந்தரை சதவீதத்துக்குச் சற்று மேலே நிற்கிறது. பேங்க் டெபாசிட்டில் போட்டு இதே வரியைக் கட்டினால் இவ்வளவு நிற்பது கஷ்டம். நிறையச் சம்பளம் வாங்குபவர் வரி கட்டட்டும், அதற்கு நான் எதிரி இல்லை. என் கோபம் வேறு.

இந்த வரியைக் கொண்டுவரும்போது சொன்ன காரணம் என்ன? பி.எஃப்.பைப் பெரும் பணக்காரர்கள் வரியில்லா முதலீடாக்கிக்கொண்டார்கள் என்றார்கள். ஒரே ஆளின் கணக்கில் நூறு கோடிக்கு மேல் இருப்பதாக வருவாய்த் துறை வட்டாரங்களைச் சொல்லி அப்போது செய்தி வந்தது. படித்தபோது எனக்கும் கோபம் வந்தது. மில்லில் ஸ்பின்னிங் பெண்களுக்கு நூறும் இருநூறுமாகப் பிடித்துக் கட்டியவன் அல்லவா நான்?

ஆனால் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். 2021 மார்ச் 31 வரை சேர்ந்த பணம் முழுவதும் வரியில்லாத கணக்கில் இருக்கிறது. அதற்கு இனி வரும் வட்டிக்கும் வரி இல்லை. அந்த நூறு கோடி இன்னும் அங்கேயே இருந்தால், வருஷத்துக்கு எட்டேகால் கோடி வட்டி வரியில்லாமல் வந்துகொண்டிருக்கும். யாரைக் காட்டிச் சட்டம் போட்டார்களோ அவருடைய பழைய மூட்டையை விட்டுவிட்டு, அப்பாவின் வைத்தியம், தங்கச்சி கல்யாணம் என்று முப்பத்தெட்டு வயதுவரை கடன் கட்டிவிட்டு அப்புறம் சேமிக்க ஆரம்பித்தவரைப் பிடித்திருக்கிறார்கள். முன்னால் வந்தவனுக்கு விலக்கு, பின்னால் வந்தவனுக்கு வரி. இது என்ன நியாயம்?

இன்னொன்று. பட்ஜெட் போட்ட அடுத்த மாதமே, மார்ச்சில், முதலாளி பங்கு இல்லாத நிதிகளுக்கு வரம்பை ஐந்து லட்சமாக உயர்த்தினார்கள். பெரும்பாலும் பழைய அரசு ஊழியர்களின் ஜி.பி.எஃப். அதில் வரும். தனியாருக்குக் கம்பெனியும் பங்கு போடுகிறதே என்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால் ஜி.பி.எஃப். வைத்திருப்பவருக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி பென்ஷன் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு பி.எஃப். பென்ஷன் 15,000 ரூபாய்ச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கு. முப்பத்தைந்து வருஷம் உழைத்தாலும் மாதம் 7,500. பென்ஷன் உள்ளவருக்கு ஐந்து லட்சம், இல்லாதவருக்கு இரண்டரை லட்சம்.

கணக்கைப் பிரிக்கும் வேலையும் லேசாக நடக்கவில்லை. 2021-22 வட்டி பாஸ்புக்கில் தெரியவில்லை என்று ஜனங்கள் புலம்பியபோது, வரி மாற்றத்துக்காக மென்பொருளை மாற்றுகிறோம், அதனால்தான் தெரியவில்லை என்று 2022 அக்டோபரில் நிதியமைச்சகமே சொன்னது. அந்த வருஷ ரிட்டர்னுக்கு ஜூலை 31 கடைசி நாள். கண்ணில் படாத வட்டியை எப்படிக் காட்டுவது?

இதற்கு நேர்வழி இருந்தது. பி.பி.எஃப்.பில் வருஷத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் வாங்கவே மாட்டார்கள். ஜி.பி.எஃப்.புக்கும் 2022இல் ஐந்து லட்சம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். அதேபோல இதற்கும் ஐந்து லட்சத்தில் கதவைச் சாத்தியிருக்கலாம். உள்ளே விட்டதற்கு வரி வேண்டாம். பழைய கோடிகளுக்கு வேண்டுமானால் வட்டியில் வரி போடட்டும்.

உங்கள் பிள்ளைகள் நல்ல சம்பளத்தில் இருந்தால் ஒன்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 1,73,611 தாண்டினால், வி.பி.எஃப். போடாமலேயே வரம்பு தாண்டிவிடும். பான் எண் இணைக்காவிட்டால் டி.டி.எஸ். இருபது சதவீதம்.

கிளம்பும்போது மாப்பிள்ளை, "விடுங்க மாமா, சேமிச்சது சேமிச்சதுதானுங்க" என்றார். அவர் விட்டுவிட்டார். யோசனை சொன்னவன் நான், என்னால் விட முடியவில்லை.