கொள்ளிக்கு முன் இரண்டு நிமிடம்

சென்ற ஆடியில் நம் இதழின் பழைய வாசகர் ஒருவரை நொய்யல் கரைச் சுடுகாட்டுக்குக் கொண்டு போனோம். நாற்பது ஆண்டு தறி ஓட்டியவர். சிதை அடுக்கி முடிந்து வாய்க்கரிசியும் போட்டாயிற்று. கொள்ளிக்குடம் எடுப்பதற்குள் "சார், நீங்க ரெண்டு வார்த்த பேசுங்க" என்றார்கள். சட்டைப்பையில் எழுதி வைத்திருந்த தாளைப் பிரித்துப் பேசினேன். ஏழு நிமிடம் ஆயிற்று. திரும்பி வரும் வழியில் அவருடைய பங்காளி ஒருவர் என்னை ஓரமாக இழுத்து, "ஏனுங்க சார், அவரு கடன் வாங்குனதையெல்லாம் அந்த எடத்துல சொல்லோணுமுங்களா?" என்று கேட்டார். நான் சொன்னது, "ஆயுள் முழுக்க அவர் யாரிடமும் கடன் வாங்கியதே இல்லை" என்பது. அவர் காதுக்கு வந்து சேர்ந்தது "கடன் வாங்கிய" வரைக்கும்தான்.

அன்றிலிருந்து இதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். தப்பு என் குரலில் மட்டும் இல்லை. தமிழில் வினை கடைசியில் வருகிறது, மறுப்பும் அந்த வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு வருகிறது. பேசுகிறவருக்கோ வாக்கியத்தின் முடிவில்தான் மூச்சு தீர்ந்து குரல் இறங்குகிறது. மைக் இருந்தால் அந்த இறக்கத்தை அது தூக்கிக் கொடுத்துவிடும். மைக் இல்லாத வெட்டவெளியில், வாக்கியத்தின் பொருளையே தாங்குகிற சொல் முன்வரிசையோடு நின்றுவிடும். "கடன் வாங்கவில்லை" என்பதை "கையில் இருந்ததை வைத்தே வாழ்ந்தார்" என்று சொல்லியிருக்க வேண்டும். பாதி காற்றில் போனாலும் அதில் பழி இல்லை.

இரண்டாவது தப்பு, நான் நின்ற இடம். நம் பக்கத்து ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருவது. நான் சிதைக்குக் கிழக்கே, மேற்கு பார்த்து நின்றேன். கூட்டம் எனக்கு எதிரே மேற்கில். காற்று முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. காற்று பேச்சை அடித்துக்கொண்டு போய்விடுகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். நடப்பது வேறு. தரையை ஒட்டிக் காற்று மெதுவாகவும் மேலே போகப் போக வேகமாகவும் வீசுகிறது. அதனால் காற்றை எதிர்த்துப் போகும் ஒலி மேல்நோக்கி வளைந்து, நிற்கிறவர்களின் தலைக்கு மேலே போய்விடுகிறது. காற்றோடு போகும் ஒலி கீழ்நோக்கி வளைந்து காதுக்கு இறங்குகிறது. மேற்கே போய்க் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கூட்டத்தைக் கிழக்கே வரச் சொல்லியிருந்தால் போதும். புகையும் யார் கண்ணிலும் படாத பக்கமாக மற்றவர்களைக் கொஞ்சம் ஒதுக்கி நிறுத்தியிருக்கலாம். ஒரு பிடி மண்ணை எடுத்துத் தூவிப் பார்த்தால் காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். மண் அங்கே வேண்டிய மட்டும் இருக்கிறது.

தூரமும் ஒரு கணக்கு. திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறைகிறது. ஒரு மீட்டரில் 75 டெசிபல் வரும்படி உரத்துப் பேசுகிறவரின் குரல், பதினாறு மீட்டருக்கு அப்பால் 51 ஆகிவிடும். கூட்டத்தின் கசமுசாவும் காற்றின் இரைச்சலும் சேர்ந்தால் அதை எளிதில் முழுங்கிவிடும். திருப்பித் தர சுவரும் இல்லை, கூரையும் இல்லை. கத்தினாலும் பெரிதாக மாறாது, குரல்தான் கட்டிப்போகும். நின்றிருக்கிறவர்களை நான்கு எட்டு கிட்டே வரவழைப்பதுதான் வழி. ஒரு மேட்டில் ஏறி நிற்பது இன்னொரு வழி. இது நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. போரில் இறந்தவர்களுக்கு ஏதென்ஸில் பெரிக்ளீஸ் பேசியபோது, கூட்டத்தில் முடிந்தவரை தூரத்தில் இருப்பவர்களுக்கும் கேட்க உயரமான மேடையில் ஏறினார் என்று துசிடிடீஸ் எழுதி வைத்திருக்கிறார்.

எனக்குப் பிறகு ஒரு பெரியவர் பேசினார். எண்பது வயதிருக்கும். தப்பட்டைக்காரர்களிடம் கையைக் காட்டினார், அடி நின்றது. குழி வெட்டிக் குவித்த பழைய மண்மேட்டில் ஏறினார். "எல்லாரும் கொஞ்சம் கிட்ட வாங்க" என்றார். வந்தார்கள். அதுவரைக்கும் வாயைத் திறக்கவில்லை. பிறகு இறந்தவரின் பேரைச் சொன்னார், ஊர்ப்பேரோடு, இரண்டு தடவை. "நாப்பது வருசம் தறி ஓட்டுனாரு. தறிக்கூலியில நாலு பசங்களப் படிக்க வெச்சாரு. அதுல ஒருத்தன் நானு பெத்த பையன்." கொஞ்சம் நிறுத்தினார். "நாளானிக்குக் காலையில எட்டு மணிக்குப் பேரூர்ல சாம்பல் கரைக்கறம். வர்றவீங்க வாங்க." இறங்கிவிட்டார். ஒரு நிமிடம்கூட இல்லை. தலையைச் சிதைப் பக்கம் குனியவில்லை, கடைசி ஆளின் முகத்தைப் பார்த்தே பேசினார். ஒவ்வொரு வாக்கியமும் ஒரு மூச்சு. நான் "அவர்களே, அவர்களே" என்று விளித்து முடிப்பதற்குள் அவர் பேசியே முடித்திருப்பார். அந்த வரிசையான விளிப்பு மைக் நமக்குப் பழக்கிய நோய். சுடுகாட்டில் அதற்கு இடமில்லை. இழவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லாத நாம், அங்கே "நன்றி, வணக்கம்" என்று முடிப்பதும் எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

கோவையின் மில் தொழிலாளர்கள் இதற்கு வேறொரு முறை வைத்திருக்கிறார்கள். 1946 ஜனவரி 8-இல் கோவை மத்தியச் சிறையில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் தியாகிகள் நால்வர், ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன். ஆண்டுதோறும் அந்த நாளில் அவர்களை நினைவுகூரக் கூடுகிறவர்கள் வீரவணக்க முழக்கம் எழுப்புகிறார்கள். முன்னால் ஒருவர் பேரைச் சொல்ல, கூட்டம் முழுவதும் திருப்பிச் சொல்கிறது. முழக்கத்தின் அரசியல் ஒருபுறம் இருக்கட்டும். முன்வரிசை சொன்னது பின்வரிசைக்கு அஞ்சல் ஆகிறது. கேட்காதவர் என்று யாரும் இல்லை.

ஆளே இல்லாத கூட்டமும் உண்டு. 1921 ஜூலை 31-இல் ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலையில் பாரதி பேசிய தலைப்பு, மனிதனுக்கு மரணமில்லை. ஆறு வாரத்தில் அவர் இறந்தார். திருவல்லிக்கேணி கிருஷ்ணாம்பேட்டை மயானத்துக்கு வந்தவர்கள் இருபது பேர் அளவுதான். சுரேந்திரநாத் ஆர்யா அங்கே பேசினார். அவ்வளவு பேருக்குக் குரலை உயர்த்தியிருக்கவே தேவையில்லை.

ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். எங்கள் பக்கம் பல சாதிகளில் பெண்கள் இன்னும் காட்டுக்கு வருவதில்லை. அவர்கள் நின்றுவிடுவது தெருமுனையில், பாடையை இறக்கி வைத்துத் திருப்புகிற இடத்தில். இறந்தவரை அதிகம் அறிந்தவர்கள் அவர்கள்தான். ஆகவே பேச வேண்டியதைப் பாடை கிளம்புமுன் அந்த முனையிலேயே பேசிவிடலாம் என்பது என் கட்சி. சங்கும் தப்பட்டையும் இரண்டு நிமிடம் பொறுக்கும். எரிவாயு மயானங்களுக்குப் போகும் வீடுகளுக்கு இது இன்னும் அவசியம். அங்கே அடுத்த வண்டி வாசலில் நின்றுகொண்டிருக்கும்.

உங்கள் ஊர்ச் சுடுகாட்டிலோ இடுகாட்டிலோ நீங்கள் காதால் கேட்டு இன்னும் நினைவில் வைத்திருக்கிற பேச்சு இருந்தால், சொன்னவரின் வாய்மொழி மாறாமல் எழுதி அனுப்புங்கள். ஓர் அஞ்சலட்டை போதும். அதில் அடங்காத பேச்சு அங்கே யாருக்கும் கேட்டிருக்காது.