‘நிச்சயமா?’ என்று கேட்டால் போதுமா?

நண்பனுக்கு அனுப்ப நினைத்த ஒரு கேலிப் படம், விரல் தவறி வகுப்புப் புலனக் குழுவில் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அனுப்பியவர் பதறிப்போய் அதை அழிக்கப் பார்க்கிறார். திரையில் ஒரு பெட்டி வந்து Delete for everyone, Delete for me, Cancel என்று மூன்று வழிகளைக் காட்டுகிறது. அவசரத்தில் அவருடைய விரல் Delete for me மேல் பட்டுவிடுகிறது. இனி அந்தப் படம் அவர் ஒருவர் கண்ணுக்குத்தான் தெரியாது. குழுவில் உள்ள மற்ற எல்லாரும் அதைப் பார்க்கலாம். செய்தி அவருடைய கைப்பேசியிலேயே இல்லாததால், எல்லாருக்கும் சேர்த்து அழிக்கவும் இனி வழியில்லை.

கவனியுங்கள், இங்கே செயலி கேட்காமல் எதையும் செய்யவில்லை. கேட்டது, பதிலும் வாங்கிக்கொண்டது. அப்படியும் தவறு நடந்தது. இந்தக் குறையை வாட்ஸ்அப் நிறுவனம் 2022 டிசம்பரில் சரிசெய்தது. இன்னொரு முறை ‘நிச்சயமா?’ என்று கேட்கும் பெட்டியை அது சேர்க்கவில்லை. Delete for me அழுத்தியதும் திரையின் அடியில் ஒரு சிறிய பட்டை தோன்றும். அதில் Undo என்ற ஒரே பொத்தான் இருக்கும். ஐந்து விநாடிக்குள் அதைத் தொட்டால் செய்தி திரும்பி வரும். பிறகு நிதானமாக எல்லாருக்கும் அழிக்கலாம்.

இந்தப் பட்டைக்கு ஸ்நேக்பார் என்று பெயர். கூகுள் 2014-இல் வெளியிட்ட மெட்டீரியல் டிசைன் என்ற வடிவமைப்பு நெறிமுறை இந்தப் பெயரைப் பரப்பியது. நடுத்திரையில் வந்து, பதில் சொல்லும்வரை வேறு எதையும் தொட விடாத பெட்டிதான் டயலாக். அடியிலிருந்து மேலேறி வந்து, பல தேர்வுகளை வரிசையாகக் காட்டும் பலகை பாட்டம் ஷீட். ஒரு படத்தைப் பகிரும்போது யாருக்கு, எந்தச் செயலி வழியாக என்று கேட்டு எழும்பி வருவது இந்த வகைதான். கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் இருப்பதால் நாலைந்து தேர்வுகளுக்கு அது வசதி. வேண்டாமென்றால் கீழே தள்ளிவிட்டுப் போகலாம். பாட்டம் ஷீட்டைப் பற்றி எனக்குப் பெரிய சண்டை இல்லை. என் சண்டை டயலாக்கோடுதான்.

பள்ளிகளில் கணினி அறிவியல் படிக்கும் மாணவர்கள் செய்யும் செயலிகளைப் பார்த்தால், எதைத் தொட்டாலும் ஒரு பெட்டி வந்து ‘நிச்சயமா?’ என்று கேட்கிறது. கேட்டுவிட்டால் பொறுப்பு பயனர் தலையில் போய்விடும் என்ற எண்ணம் அதன் பின்னால் இருக்கிறது. ஆனால் மனித மூளை அப்படி வேலை செய்வதில்லை. ஒரே கேள்விக்கு நூறு முறை ‘ஆம்’ சொன்ன கை, நூற்றோராவது முறை கேள்வியைப் படிப்பதில்லை. அழி, ஆம் என்ற இரண்டு தொடுதலும் சேர்ந்து ஒரே பழக்கமாகிவிடும். அதனால் எச்சரிப்பதைவிடத் திரும்பி வர வழி கொடுப்பதே மேல் என்று வடிவமைப்பாளர் அசா ராஸ்கின் 2007-இலேயே வாதிட்டார். (விரலால் தள்ளத் தள்ள முடியாமல் நீளும் பக்கங்களையும் உருவாக்கியவர் அவரே. அதற்காக அவரைத் திட்டலாம், இதற்காகப் பாராட்டலாம்.)

ஹவாயில் 2018 ஜனவரி 13 காலையில் நடந்ததைப் பாருங்கள். ஏவுகணை வருகிறது, உடனே பாதுகாப்பான இடம் தேடுங்கள், இது பயிற்சி அல்ல என்ற அறிவிப்பு மாநிலம் முழுதும் கைப்பேசிகளுக்குப் போனது. உண்மையில் ஏவுகணை எதுவும் வரவில்லை. அவசரகால அலுவலகத்தில் அன்று நடந்தது ஒரு பயிற்சி. அதை உண்மை என்று நம்பிவிட்டதாக அந்த ஊழியர் பிறகு கூறினார். அவர் திரையில் டயலாக் வராமல் இல்லை. ‘இந்த எச்சரிக்கையை அனுப்ப நிச்சயமா?’ என்ற பொருளில் கேட்டது. அவர் ‘ஆம்’ என்றார். சோதனை அறிவிப்புக்கும் உண்மை அறிவிப்புக்கும் அதே வாசகம்தான் வந்தது என்பதை விசாரணை காட்டியது. நம்பிவிட்டவரிடம் நிச்சயமா என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்? அது தவறான அறிவிப்பு என்ற திருத்தம் மக்களின் கைப்பேசிக்குப் போய்ச்சேர 38 நிமிடங்கள் ஆயின. பிறகு அந்த அலுவலகம் செய்த மாற்றங்களில் இரண்டு முக்கியமானவை: அனுப்ப இரண்டு பேர் வேண்டும், தவறென்றால் விநாடிகளில் ரத்து செய்யும் கட்டளை வேண்டும்.

அப்படியானால் டயலாக்கே வேண்டாமா? வேண்டும், ஓர் இடத்தில். ஹுத்தான் மெலிந்தாங் மீன் வியாபாரி ஒருவருக்கு நீங்கள் ஆர்டர் எழுதும் செயலி செய்கிறீர்கள் என்று கற்பனை செய்யுங்கள். ஓர் ஆர்டரை அவர் தவறுதலாக அழித்தால் கேள்வி கேட்காதீர்கள். பட்டியலிலிருந்து உடனே மறைத்துவிட்டு, ‘ஆர்டர் அழிக்கப்பட்டது’ என்று ஸ்நேக்பாரில் சொல்லி, மீட்கும் பொத்தான் வையுங்கள். இதில் உள்ள தந்திரம் எளிது: மறைத்தீர்களே தவிர இன்னும் அழிக்கவில்லை. பட்டை மறைந்த பிறகுதான் உண்மையில் அழிக்கிறீர்கள். ஜிமெயிலில் அனுப்பிய அஞ்சலைத் திரும்பப் பெறுவதும் இதுவே. போன அஞ்சலை யாரும் பிடித்து இழுப்பதில்லை. 5 முதல் 30 விநாடிவரை அது புறப்படாமல் காத்திருக்கிறது.

அதே வியாபாரி படகுக்காரருக்கு 850 ரிங்கிட் அனுப்பும்போது கதை வேறு. டூயிட்நவ் வழியாகப் போகும் பணம் உடனே அடுத்தவர் கணக்கில் சேர்ந்துவிடும். தடுத்து வைக்க இடைவெளி இல்லை. இங்கே டயலாக் தேவை. ஆனால் ‘நிச்சயமா?’ என்ற வெறும் கேள்வி உதவாது. டூயிட்நவில் கைப்பேசி எண்ணைத் தட்டியதும், உறுதிசெய்வதற்கு முன்பே பெறுபவரின் பெயர் திரையில் வருகிறது. எண்ணில் ஓர் இலக்கம் தவறினால், தெரியாத ஒரு பெயர் கண்ணில் படும். பயனரிடம் இல்லாத புதுத் தகவல் ஒன்றைத் தருவதால்தான் அவர் கை நிற்கிறது. பொத்தானிலும் ‘சரி’ என்று எழுதாமல் ‘850 ரிங்கிட் அனுப்பு’ என்று எழுதுங்கள். படிக்காமல் தொடுபவர்கூட பொத்தானைப் பார்த்துத்தான் தொடுவார்.

பிழைச் செய்திகளில்தான் ஸ்நேக்பாரைத் தப்பாகப் பயன்படுத்துகிறோம். அது நான்கு முதல் பத்து விநாடிக்குள் தானாக மறைந்துவிடும் பட்டை. ‘எடை எழுதவில்லை’ என்று அதில் சொன்னால், வியாபாரி மீனை நிறுத்துவிட்டுத் திரும்புவதற்குள் செய்தி போயிருக்கும். ஆர்டர் ஏன் சேரவில்லை என்று அவருக்குத் தெரியாது. எடை எழுதும் கட்டத்துக்குக் கீழேயே, திருத்தும்வரை சிவப்பில் நிற்கட்டும். இணையம் இல்லாததால் பட்டியல் புதுப்பிக்கப்படவில்லை என்பது போன்ற, கவனிக்காவிட்டாலும் ஒன்றும் கெடாத செய்திக்கு மட்டும் ஸ்நேக்பார் போதும்.

மீட்கும் பொத்தானுக்கும் இதே குறை உண்டு. மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் ஐந்து விநாடி ஓடிவிடும். இதற்காகவே ஆண்ட்ராய்டு 10 முதல், இத்தகைய செய்திகள் இரண்டு நிமிடம்வரை திரையில் நிற்கும்படி அணுகல் அமைப்பில் மாற்ற முடிகிறது. எத்தனை வியாபாரிகள் அதைத் தேடிப் போய் மாற்றுவார்கள்? அழித்த ஆர்டர்களை ஒரு மாதம்வரை தனிப் பட்டியலில் வைத்திருங்கள். ஓர் ஆர்டர் ஒரு கிலோபைட்கூட வராது.