பழவேற்காட்டுச் செய்தியும் அதன் தலைப்பும்

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டம் பழவேற்காட்டு மீனவ ஊர்களை நெடுநாளாய்க் கலங்க வைத்திருக்கிறது. இதைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதுவோர், 'அழியும் ஏரி, அழும் மீனவர்' என்பது போன்ற தலைப்பை எளிதில் சூட்டிவிடுகின்றனர். அது இருவகையில் தவறு. தேடுபவர் தட்டச்சு செய்யும் காட்டுப்பள்ளி, துறைமுகம், விரிவாக்கம் ஆகிய சொற்களில் ஒன்றுகூட அதில் இல்லை. அன்றியும், இன்னும் நிகழாததை நிகழ்வதாகவே அது அறிவித்துவிடுகிறது.

'காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம்: பழவேற்காடு மீனவர் எதிர்ப்பது ஏன்?' என்று எழுதினால் இரு குறையும் நீங்கும். தேடல் முடிவுகளில் நீண்ட தலைப்பின் வால் திரையின் அகலத்துக்கேற்ப வெட்டப்படும்; தமிழ் எழுத்துகளோ அகலமானவை. ஆகவே ஊரும் பொருளும் முதலில் வரவேண்டும். பழவேற்காட்டைப் புலிகாட் என்று தேடுவோரும் உண்டு. அப்பெயரைத் தலைப்பில் திணிக்காமல் முன்னுரையில் ஒருமுறை சொன்னால் போதும்.

முன்னுரையில்தான் பெருங்கவனம் வேண்டும். 2021 சனவரி 22 அன்று நடக்கவிருந்த பொதுக் கருத்துக்கேட்பு ஒத்திவைக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 5 அன்று நடக்கவிருந்ததும் அவ்வாறே ஆயிற்று. பரபரப்புக்காக 'திட்டம் கைவிடப்பட்டது' என்று எழுதினால் விளைவு என்ன? கருத்துக்கேட்புக்கு முன் குறைந்தது 30 நாள் அவகாசம் தரவேண்டும் என்கிறது 2006 ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கை. திட்டம் ஒழிந்தது என நம்பிய மீனவர், அந்நாள்களில் எழுத்துவழி ஆட்சேபம் தராமலே இருந்துவிடுவார். 'இருமுறை ஒத்திவைக்கப்பட்ட கருத்துக்கேட்பு' என்னும் தொடர் தேடலுக்கும் உதவும், உண்மையும் அதுவே.

இடைத்தலைப்புகளைப் பலர் அலங்காரமாகக் கருதுகின்றனர். ஆனால் நீண்ட கட்டுரையை மேலிருந்து வரிவரியாகப் படிக்காமல், தமக்கு வேண்டிய பகுதிக்கு நேரே தாவுவோர் பலர். அவர்களுக்கு 'கண்ணீர்க் கரை' என்னும் இடைத்தலைப்பு எதையும் சொல்லாது. 'ஏரியில் பாடு முறை: குலுக்கலில் கிடைக்கும் மீன்பிடி இடம்' என்பது அப்பகுதியில் உள்ளதைச் சொல்லும். முகத்துவாரம் பற்றிய பகுதிக்கு இன்னும் எச்சரிக்கை தேவை. கடலோர மணல் நகர்வு, ஆற்று நீர்வரத்துக் குறைவு, துறைமுக அலைதடுப்புச் சுவர்கள் ஆகியவற்றைக் கட்டுரை ஆராயுமானால், 'துறைமுகத்தால் மூடிய முகத்துவாரம்' என்று இடைத்தலைப்பிடுவது ஆய்வுக்கு முன்பே தீர்ப்பு வழங்குவதாகும். 'முகத்துவாரம் மண் மூடுவது ஏன்? மீனவர் கூறும் காரணம்' என்பதே நேர்மையானது. மீனவரின் குற்றச்சாட்டை அவர்கள் கூற்றாகவே வைப்பதால் அதன் வலு குன்றாது. எதிர்த்தரப்பு அதை எளிதில் தள்ளிவிடவும் இயலாது.

இதழாசிரியர்களை வேண்டுகிறோம்: வெளியிடுமுன், கட்டுரையை எழுதாத ஒருவரிடம் தலைப்பையும் முன்னுரையையும் இடைத்தலைப்புகளையும் மட்டும் கொடுங்கள். அவர் புரிந்துகொண்டதற்குக் கட்டுரையில் ஆதாரமான வரி உண்டா என்று பாருங்கள். இல்லையெனில் தலைப்பைத் திருத்துங்கள்.