இரவு என்றால் நீலம் இல்லை

எங்கட குறும்படங்களில இரவுக்கு ஒரு வருத்தம் பிடிச்சிருக்கு. பின்னேரம் நாலு மணிக்கு எடுத்த காட்சிக்கு மேல நீலத்தைப் பூசிவிட்டு "இரவு" என்கிறோம். வேலியின் நிழல் பளிச்சென்று கிடக்கும், வானம் வெளிறி நிற்கும், அம்மாவின் சிவப்புச் சீலை மட்டும் நெருப்பாய் எரியும். பார்க்கிறவர் சிரிக்கிறார். அந்த இடத்தில அவர் அழவேண்டும் என்றுதான் நாங்கள் கதை எழுதினோம்.

"அப்ப இரவிலேயே எடுங்கோவன்" என்று சொல்லுகிறவர்களுக்கும் எங்களிடம் பதில் இருக்கு. ஜெனரேற்றர் வாடகைக்குக் காசில்லை. நடிக்கிற பிள்ளைகள் பொழுதுபட முதல் வீட்டுக்குப் போகவேணும். பகலை இரவாக்குவது களவு வேலையும் இல்லை. பிரெஞ்சுக்காரர் இந்த உத்தியை "அமெரிக்க இரவு" என்பார்கள், த்ரூஃபோ 1973இல் தன் படத்துக்கே அந்தப் பெயரை வைத்தார். எங்கட சண்டை உத்தியோட இல்லை, சோம்பலோட.

முதல் பிழை கமராவில நடக்குது. இரவுதானே என்று எடுக்கும்போதே இருட்டாக எடுக்கிறோம். இருட்டுப் பகுதியில கமரா பதிவது விபரமில்லை, புள்ளி புள்ளியான இரைச்சல்தான். 2015இல் வந்த 'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோட்' படத்தின் இரவுகள் நமீபியப் பாலைவனத்தில பட்டப்பகலில, வேணுமென்றே கூடுதல் வெளிச்சமாகப் பதியப்பட்டவை. இருட்டாக்கினது பிறகு. நாங்களும் வெளிச்சமாகவே எடுக்கவேணும். ஆனால் வெள்ளை வெளுத்துப் போகக்கூடாது, போனால் திரும்பி வராது. வெளுத்த வானத்தை எவ்வளவு இறக்கினாலும் சாம்பல் தகடாய்த்தான் நிற்கும். அதனால வானத்தை இயன்றவரை சட்டகத்துக்கு வெளியே தள்ளவேணும். சூரியன் நடிகருக்குப் பின்னால நின்றால் அதுதான் நிலா, முன்னால நின்றால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது.

நாங்கள் அண்மையில திருத்தின ஒரு காட்சியைச் சொல்லுறம். படலையடியில அம்மா மகனுக்காக நிற்கிறா. பின்னால வீடு, ஒரு யன்னல், மேல் மூலையில பனைகளுக்கிடையில கொஞ்ச வானம். டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்பு இதுக்குப் போதும்.

முதல் நோடில வானம். `Qualifier` ஆல வானத்தைத் தெரிந்து, ஓரத்தை மென்மையாக்கி, நன்றாக இறக்கினோம். இதை முதலில செய்ததற்குக் காரணம் உண்டு: வெளிச்சமான படத்தில வானமும் ஓலையும் தெளிவாகப் பிரியும். இருட்டாக்கின பிறகு தெரிந்தால் ஓலை விளிம்பெல்லாம் துடிக்கும்.

அடுத்த நோடில மொத்த வெளிச்சம். கனபேர் `Offset` ஐப் பிடித்து இழுக்கிறார்கள். அது எல்லாத்தையும் ஒரே அளவில கீழே தள்ளுவதால நிழல்கள் அடியில இடித்து ஒரே கறுப்பாகும். `Gain` ஐக் குறைத்தால் வெளிச்சமான இடங்கள் கூட இறங்கும், நிழலுக்குள் விபரம் மிஞ்சும். யன்னல் விஷயமும் இங்கேதான். யன்னலைச் சுற்றி ஒரு `Power Window` வரைந்து, அதைத் தலைகீழாக்கி, இருட்டாக்கலில இருந்து யன்னலை விலக்கிவிட்டோம். இருட்டாக்கிவிட்டுப் பிறகு தூக்கினால் இரைச்சலும் சேர்ந்து தூங்கி வரும். யன்னலுக்கு மட்டும் விளக்கின் மஞ்சளும், அதுக்கு நேரே முற்றத்து மண்ணில இன்னொரு மென்மையான முகமூடியில கொஞ்ச மஞ்சளும் கொடுத்தோம். மண்ணில அது விழாட்டி, யன்னல் சுவரில ஒட்டின கடதாசி போலத் தெரியும்.

நிறம் கடைசியில. நிலவொளி உண்மையில நீலமே இல்லை, திருப்பி வருகிற சூரிய ஒளிதான் அது. மங்கல் வெளிச்சத்தில எங்கட கண் நிறத்தை இழக்குது, அதிலயும் சிவப்பு முதலில கறுக்கும். ஆகவே `Saturation` ஐப் பாதியாக்கி, `Hue vs Lum` இல சிவப்பை இறக்கினோம். சீலை கிட்டத்தட்டக் கறுப்பானது. ஆனால் முகமும் சேர்ந்து கறுத்துப்போச்சு, தோலிலயும் சிவப்பு இருக்கே! முகத்துக்கு வேறொரு முகமூடி போட்டு, டிராக்கரால அவவின் அசைவோட ஓடவிட்டுக் கொஞ்சம் மீட்டோம். நீலம் இதுக்குப் பிறகுதான், கறிக்கு உப்புப் போல.

எல்லாம் சரியென்று நினைத்து, முதலில பார்த்துச் சிரித்த அதே நண்பருக்கு லைட்டை அணைத்துவிட்டுப் போட்டுக் காட்டினோம். அவர் இந்த முறை சிரிக்கேல்லை. "மகன் எப்ப வருவான்?" என்று கேட்டார். பிறகு ஒருக்கா நிற்பாட்டி, வேலிக்கு மேல பறந்த காகத்தைக் காட்டினார்.

அந்த இரண்டு செக்கனை வெட்டிவிட்டோம்.