டவர் ஃபுல்லா காட்டுது, நெட் மட்டும் ஏன் வரல? தீபத் திருவிழா சொல்லும் கணக்கு

கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணி. திருவண்ணாமலையில் 2,668 அடி உயர மலையின் உச்சியில் மகா தீபம் ஏற்றப்படுகிறது. அந்த நொடியில் கீழே லட்சக்கணக்கான கைகள் செல்போனோடு மேலே உயர்கின்றன. அடுத்த நிமிடமே எல்லா போனிலும் அந்த வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. வீடியோ போகவில்லை, ஸ்டேட்டஸ் ஏறவில்லை. கூட்டத்தில் அம்மாவைத் தவறவிட்ட ஒரு பெண் "எங்கம்மா நிக்கிறீங்க?" என்று அனுப்பும் ஒரு வரியும் அதே வரிசையில்தான் மாட்டிக்கொள்கிறது.

"டவர் ஃபுல்லாதானே காட்டுது, அப்புறம் என்ன?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. கம்பெனிக்காரர்களைத் திட்டுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தீபம் ஏறிய அந்த அரை மணி நேர நெரிசலில் ஒரு பங்கு நம் பாக்கெட்டில் இருந்தே கிளம்புகிறது. அதைக் குறைக்கும் வழியும் நம் கையில்தான் இருக்கிறது.

கோடு வேறு, வேகம் வேறு

திரையில் தெரியும் சிக்னல் கோடுகள் ஒரு விஷயத்தை மட்டுமே சொல்கின்றன: டவரின் குரல் உங்கள் போனுக்கு எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை. அந்த டவரை இன்னும் எத்தனை பேர் பங்குபோடுகிறார்கள் என்று அவை சொல்வதில்லை. பஸ் பக்கத்திலேயே நிற்கிறது என்பதால் உட்கார இடம் இருக்கிறது என்று அர்த்தமில்லையே, அது மாதிரி.

ஆக, கோடு இல்லாமல் நெட் வரவில்லை என்றால் சிக்னல் பிரச்சினை. கோடு முழுதாக இருந்தும் பக்கம் திறக்கவில்லை என்றால் அது நெரிசல். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

100 நிமிடமா, 40 நொடியா?

ஒரு டவர் பொதுவாக மூன்று திசைகளுக்குப் பிரித்து சேவை தருகிறது. ஒவ்வொரு திசையும் ஒரு செக்டர். அந்த செக்டரில் உள்ள எல்லோருக்கும் சேர்த்துத்தான் வேகம். 4ஜி செக்டர் ஒன்றில், கூட்ட நேரத்தில், மேலே அனுப்புவதற்கு எல்லோருக்கும் சேர்த்து நொடிக்கு 20 மெகாபிட் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்கு இது போதும்.

தீபம் தெரிந்ததும் அந்த செக்டரில் 500 பேர் ஆளுக்கு 30 எம்பி வீடியோ அனுப்புகிறார்கள். மொத்தம் 15,000 எம்பி. ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதால் அது 1,20,000 மெகாபிட். இதை 20-ஆல் வகுத்தால் 6,000 நொடி, அதாவது 100 நிமிடம். அந்தக் கடைசி ஆள் வீடியோ போய்ச் சேர்வதற்குள் ராத்திரி எட்டு மணி நெருங்கிவிடும்.

அதே 500 பேரும் வீடியோவை விட்டுவிட்டு, சுருக்கப்பட்ட 200 கேபி போட்டோ ஒன்று அனுப்பினால்? மொத்தம் 100 எம்பி. 40 நொடியில் முடிந்துவிடும். ஆளுக்கு ஒரு வரி மெசேஜ் என்றால் ஒரு நொடி கூட ஆகாது. நிஜத்தில் தலைப்பும் மறுமுயற்சியும் சேர்ந்து இதைவிடக் கூடும், ஆனால் விகிதம் இதுதான்.

இந்தக் கணக்கில் வராத இன்னொரு கூட்டமும் உண்டு. போட்டோ எடுத்ததும் தானாக கிளவுடுக்கு ஏற்றும் பேக்கப், பின்னணியில் அப்டேட் ஆகும் செயலிகள். போனின் சொந்தக்காரருக்கே தெரியாமல் இவை வரிசையில் நின்றுகொண்டிருக்கும்.

திரும்பத் திரும்பத் தட்டினால்?

டேட்டா அனுப்பும் முன், அமைதியாக இருந்த போன் டவரின் கதவைத் தட்டி அனுமதி கேட்க வேண்டும். 4ஜியில் ஒரு வாய்ப்பில் இதற்கு இருப்பது 64 குறியீடுகள்தான். இரண்டு போன்கள் ஒரே குறியீட்டை எடுத்துவிட்டால் மோதல், ஒன்றோ இரண்டுமோ மறுபடி தட்ட வேண்டும். கூட்டம் கூடக்கூட மோதலும் கூடும். "ஏரோபிளேன் மோடு போட்டு எடு" என்பது நல்ல யோசனைதான். போன் வேறு அலைவரிசையிலோ வேறு செக்டரிலோ போய் ஒட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஆனால் ஒரு முறை போதும். நிமிடத்துக்கு நாலு தடவை செய்தால் கதவுக்கு முன்னால் கூட்டம்தான் அதிகமாகும். ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பார்ப்பதும் அப்படித்தான். வரிசையில் நின்றுகொண்டே வரிசையை நீட்டும் வேலை.

அப்போ என்னதான் செய்வது?

முதல் வேலை வீட்டிலேயே இருக்கிறது. போட்டோ பேக்கப்பை வைஃபையில் மட்டும் என்று மாற்றுங்கள். திருவண்ணாமலை மேப்பை ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். வழியில் எங்கே பிரிந்தாலும் எந்த லிங்கத்துக்குப் பக்கத்தில், எத்தனை மணிக்குச் சேர்வது என்று கிளம்பும் முன்பே பேசி வையுங்கள். பெரியவர்கள் பையில் நம்பர் எழுதிய துண்டுச்சீட்டு இருக்கட்டும்.

கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் இடத்தை மாற்றிப் பாருங்கள். டவரின் இன்னொரு பக்கம் போனால் வேறு செக்டர். நெரிசலில் இருந்து சில நூறு மீட்டர் விலகினால் வேறு டவரே கிடைக்கலாம். மனித உடல்கள் அலைகளை உறிஞ்சும் என்பதால் போனைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடிப்பதும் கொஞ்சம் உதவும். 5ஜி வசதி இருந்தால் அதை அணைக்காதீர்கள், அதன் பாதை அகலம். ஆனால் சில நெட்வொர்க்கில் 5ஜி-யே 4ஜியின் தோளில்தான் நிற்கிறது. அங்கே 4ஜி திணறினால் 5ஜியும் திணறும்.

ஆளைத் தேட வேண்டும் என்றால் வாட்ஸ்அப்பை விட்டு சாதாரண எஸ்எம்எஸ் அனுப்புங்கள். உடனே போகாவிட்டாலும் எஸ்எம்எஸ் மையத்தில் தங்கி, மறுமுனை கிடைக்கும்போது சேர்ந்துவிடும். போன் பேச முடியவில்லை என்றால் `Preferred network type` என்ற செட்டிங்கில் 2ஜி-யைத் தேர்ந்தெடுத்து ஒருமுறை முயன்று பார்க்கலாம், அதற்கான வழித்தடம் தனி. 2ஜியே இல்லாத கம்பெனி சிம் என்றால் இது பலிக்காது. லாட்ஜில் கம்பிவழி வைஃபை இருந்தால் வைஃபை காலிங்கைப் போட்டு வைத்தால், டவர் பக்கமே போகாமல் பேசிவிடலாம்.

கடைக்காரருக்கு யுபிஐ போட்டு "ப்ராசஸிங்" என்று நின்றால் மறுபடி அனுப்பாதீர்கள். முதலில் கணக்கைப் பாருங்கள், இல்லாவிட்டால் இரண்டு முறை போய்விடலாம். கையில் ரொக்கம் இருப்பதே மேல்.

கம்பெனிக்கும் நிர்வாகத்துக்கும்

இதையெல்லாம் சொல்லி கம்பெனிகளைத் தப்பிக்க விடக் கூடாது. வண்டியில் கொண்டுவந்து நிறுத்தும் தற்காலிக டவர்கள் அவசியம். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. ஒரே இடத்தில் நெருக்கி வைத்தால் ஒன்றின் அலை இன்னொன்றைக் கெடுக்கும். அதனால் டவர் எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமைப்படுவதைவிட, கோயிலைச் சுற்றி எந்த இடத்தில் நெரிசல் குறைவு என்று முன்கூட்டியே அறிவிப்பது பக்தர்களுக்கு உதவும். காணாமல் போனவர்களைத் தேடும் உதவி மையங்களில் கம்பிவழி இணைப்புள்ள ஒரு போன் இருந்தால், அதை எந்த நெரிசலும் தொடாது.

தீபம் எரிகிற வீடியோ ராத்திரி பத்து மணிக்குப் போனால் ஒன்றும் குறைந்துவிடாது. "எங்கம்மா நிக்கிறீங்க?" என்ற ஒரு வரி அப்போதே போயாக வேண்டும்.