கூலியை மட்டும் பாராதே, கணக்கையும் பார்!

தோழர்களே! பிள்ளை பிறந்ததென்று வேலையை விட்ட பெண் ஒருத்தி. படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லையென்று மேலும் சில ஆண்டுகள் வீட்டிலே தங்கினாள். ஒன்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்று மீண்டும் வேலை தேடி வருகிறாள். “எந்த வேலைக்குப் போகலாம்?” என்று கேட்கிறாள். சேர்வராயன் மலையிலே, செம்மநத்தத்திலே, ஏற்காட்டைச் சுற்றியுள்ள காப்பித் தோட்டங்களிலே கேட்கக்கூடிய கேள்வி இது.

அவளுக்கு எல்லோரும் சொல்லும் விடை ஒன்றுதான்: “பழம் பறிக்கப் போ!” நவம்பர் முதல் ஜனவரி வரை காப்பிப் பழம் சிவக்கும் காலம், தோட்டத்துக்கு ஆள் வேண்டும். பழகிய கை சில நாட்களில் வேகம் பிடித்துவிடும். எடைக்குக் கூலி என்றால் கையிலே காசும் புரளும். தொடக்கத்துக்கு இது ஏற்ற வேலைதான். பச்சைக்காய் கலந்தால் கணக்கிலே கழிப்பார்கள் என்பதை மட்டும் அவள் நினைவில் வைக்க வேண்டும்.

ஆனால் பருவம் முடிந்த பிறகு? பலரும் கேட்க மறக்கும் கேள்வி இதுதான்!

பறிப்பு ஓய்ந்தாலும் தோட்டம் ஓய்வதில்லை. கவாத்து உண்டு, களையெடுப்பு உண்டு, நாற்றங்காலிலே பைக்கு மண் நிரப்பும் வேலை உண்டு, களத்திலே காப்பி உலர்த்திப் பொறுக்கும் வேலை உண்டு. நெடுநாள் விட்டு வந்தவளுக்கு ஏணி போட்டு மிளகு பறிப்பதும், நிழல் மரம் ஏறிக் கிளை கழிப்பதும் ஏற்றவை அல்ல. நாற்றங்காலும் களமும் ஏற்றவை. காரணம் உடல் வலிமை மட்டுமல்ல. இவை பருவத்தோடு முடிந்துவிடாத வேலைகள். செக்ரோலிலே பெயர் தொடர்ந்து நிற்க வழி செய்பவை.

பெயர் நின்றால் என்ன, நிற்காவிட்டால் என்ன என்று கேட்கலாம். இங்கேதான் கணக்கு வருகிறது.

20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தோட்டத்திலே வருங்கால வைப்பு நிதி உண்டு. அதோடு சேர்ந்தது 1995-ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டம். 10 ஆண்டுச் சேவை இருந்தால் 58 வயதிலே மாத ஓய்வூதியம். இந்த 10 ஆண்டும் ஒரே மூச்சாக இருக்கவேண்டியதில்லை! விட்டுவிட்டுச் செய்த ஆண்டுகளையும் கூட்டிக்கொள்ளலாம்.

நம் சகோதரி முன்பு 7 ஆண்டுகள் தோட்டத்திலே வேலை செய்தவள் என்று வைத்துக்கொள்வோம். திரும்பி வந்து 4 ஆண்டுகள் உழைக்கிறாள். மொத்தம் 11. கடைசி 60 மாதச் சேவையின் சராசரிச் சம்பளம் 10,000 ரூபாய் என்றால், அதை 11-ஆல் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். மாதம் ஏறத்தாழ 1,571 ரூபாய். பெரிய தொகையா? இல்லை. ஆனால் உயிருள்ளவரை வரும் தொகை.

முன்பு வேலையை விட்டபோது, “பணத்தை எடுத்துக்கொள்” என்று யாரோ சொல்ல, ஓய்வூதியப் பங்கையும் அவள் எடுத்திருந்தால்? அந்த 7 ஆண்டும் கணக்கிலிருந்து போயிற்று, மிஞ்சுவது 4. ஓய்வூதியம் இல்லை! எடுக்காமல் படிவம் 10சி வழியாகத் திட்டச் சான்றிதழ் பெற்றிருந்தால், அல்லது தொடாமல் விட்டிருந்தால், 7 ஆண்டும் அவளுடையவை.

திரும்பச் சேரும்போதும் ஒரு கண்ணி உண்டு. பழைய எண்ணைச் சொல்லாவிட்டால் புதுக் கணக்கு திறந்துவிடுவார்கள். பழைய ஆண்டுகள் தனியே கிடக்கும். சேரும் நாளிலே படிவம் 11-இல் பழைய உறுப்பினர் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஆதாரிலே ஒரு பெயர், பழைய பதிவேட்டிலே வேறு பெயர், பிறந்த தேதியும் வேறு என்றால் முதலில் அதைத் திருத்த வேண்டும்.

மேஸ்திரி மூலம் வந்த ஆளுக்கு வைப்பு நிதி கிடையாது என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள்! ஒப்பந்தக்காரர் கட்டாவிட்டால் கட்ட வேண்டிய பொறுப்பு தோட்ட முதலாளியுடையது. அதே சமயம், நாலைந்து பேரை வைத்து நடத்தும் சிறு விவசாயியின் தோட்டத்திலே இந்தப் பாதுகாப்பு இல்லை என்பதையும் மறைக்க வேண்டாம். அங்கே நாள் கூலி கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தாலும், ஓய்வூதியக் கணக்கிலே அந்த நாள் ஏறாது. 7 ஆண்டு கையிலிருப்பவள் இன்னும் 3 ஆண்டை எங்கே சேர்ப்பது என்று பார்த்தே தோட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தோழர்களே! இந்த நவம்பரிலே வேலைக்குத் திரும்பும் ஒவ்வொரு சகோதரியிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். பழைய வைப்பு நிதி எண் எங்கே? ஓய்வூதியப் பங்கை எடுத்தாயா, விட்டாயா? சேரப்போகும் இடத்திலே செக்ரோலில் பெயர் ஏறுமா? விடை தெரியாதவளைச் சேலம் வைப்பு நிதி அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். மேடையிலே மணிக்கணக்கில் முழங்குவதைவிட, மலையிலிருந்து ஒருத்தியை அழைத்துச் சென்று அவளுடைய 7 ஆண்டை மீட்டுத் தருவது மேலான கட்சிப் பணி!