பேரு என்னப்பா வெச்சிருக்கீங்க?

போன ஆண்டு விழாவில் நம்ம பையன்கள் ஐந்து பேர் மேடையேறிக் கிதார் வாசித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் அவர்கள் என்ன பேரில் வாசித்தார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அழைப்பிதழில் ‘மாணவர்களின் மெல்லிசை’ என்றுதான் அச்சாகியிருந்தது. அந்த ஐந்து பேரில் நானும் ஒருவன். எங்கள் குழுவின் உண்மையான பேர் ‘அரியர்’.

ராயப்பேட்டை மணிக்கூண்டுக்குப் பின்னால் ஒரு மொட்டை மாடி ரூமில்தான் பிராக்டீஸ். பேர் வைக்க மட்டும் மூன்று வாரம் ஆச்சு. ‘தண்டர்’ என்றான் ஒருத்தன். ‘ஃபயர்’ என்றான் இன்னொருத்தன். தீபாவளிக்கு வெடி வாங்குற கடை மாதிரி இருக்குடா என்று தள்ளினோம். கடைசியில் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஐந்து பேருக்கும் சேர்த்து பதினோரு அரியர். பேர் அங்கேயே கிடைத்துவிட்டது. விழாவுக்கு முன்னாடி கூப்பிட்டு, “கெஸ்ட் வர்ற மேடையில இந்தப் பேரா? மாத்துங்க” என்றார்கள். மாற்ற மாட்டோம் என்றோம். பேரே இல்லாமல் அச்சடித்துவிட்டார்கள். அந்தக் கோபத்தில்தான், பேர் விஷயத்தைக் கொஞ்சம் தேடிப் படித்தேன்.

முதலில் நம்ம டிபார்ட்மெண்டுக்குச் சொந்தமான கதை. 1973இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் மால்கம் யங், ஆங்கஸ் யங் என்ற அண்ணன் தம்பி ஒரு பேண்ட் ஆரம்பித்தார்கள். பேர் கிடைக்கவில்லை. அவர்கள் அக்கா மார்கரெட், தையல் மிஷினில் ஏசி/டிசி என்று எழுதியிருந்ததைப் பார்த்துச் சொன்னார். அதுவே பேராகிவிட்டது. தையல் மிஷினில் ஏன் அப்படி எழுதியிருக்கும் என்று இரண்டாம் ஆண்டு மெஷின்ஸ் பாஸ் பண்ணினவனுக்குத் தெரியும். அது யுனிவர்சல் மோட்டார். பீல்டும் ஆர்மச்சூரும் சீரீஸில் இருக்கும். கரண்ட் திசை மாறினால் இரண்டிலும் சேர்ந்தே மாறும், ஆகவே சுழலும் திசை மாறாது, எந்த சப்ளை கொடுத்தாலும் ஓடும். அந்த அண்ணன் தம்பிக்கு இந்த தியரி தேவைப்படவில்லை. எழுத்தைப் பார்த்தாலே ஷாக் அடிக்கிற மாதிரி இருந்தது, பாட்டும் அப்படித்தான் இருந்தது. பின்னாளில் சிலர் அந்த நாலு எழுத்துக்கு ஏசுவுக்கு விரோதமான விளக்கம் எல்லாம் கண்டுபிடித்தார்கள். பேண்ட்காரர்கள் அப்படியில்லை என்று சொல்லிவிட்டார்கள். பேரை மறக்க முடியாமல் செய்ததில் அந்த வதந்திக்கும் பங்கு உண்டு.

இங்கிலாந்தின் பர்மிங்காம் பையன்கள் நாலு பேர் கதை வேறு. அவர்கள் அதற்கு முன் வைத்திருந்த பேர் ‘எர்த்’. அதே பேரில் இன்னொரு பேண்ட் இருந்ததால் குழப்பம் வந்தது. 1963இல் வந்த ‘பிளாக் சபாத்’ என்ற பேய்ப் படத்தின் பேரில் அவர்கள் ஏற்கெனவே ஒரு பாட்டுப் போட்டிருந்தார்கள். ஜனங்கள் காசு கொடுத்துப் பயப்படப் போகிறார்களே என்ற யோசனை அவர்களுக்கு வந்ததாம். 1969இல் அந்தப் பாட்டின் பேரையே தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, பாட்டு முதலில் வந்தது, பேர் பிறகு வந்தது. பேரைக் கேட்டுப் பயந்து உள்ளே வந்தவனுக்கு, பாட்டிலும் அந்தப் பயம் கிடைத்தது. சும்மா பயமுறுத்தப் பேர் வைத்து, உள்ளே டூயட் பாடியிருந்தால் யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

என் கருத்து இதுதான். விநோதமான பேர் கேட்கிறவன் மனசில் ஒரு கேள்வியைப் போடுகிறது. பாட்டு அதற்குப் பதில் சொன்னால் பேர் நிற்கும், இல்லாவிட்டால் ஒரு சீசனோடு போய்விடும். ‘தண்டர்’ என்றால் யாரும் எதுவும் கேட்க மாட்டான்.

நம்ம ஊருக்கு வருவோம். ‘பாவலர் பிரதர்ஸ்’ என்றால் பாவலர் வரதராசனும் அவர் தம்பிகளும் என்று புரியும். அங்கே பேர் என்பது விலாசம். பிறகு ஏ.ஆர். ரகுமான் இளவயதில் இருந்த ராக் குழு ‘நெமெசிஸ் அவென்யூ’. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சென்னைத் தெருவில் எதற்கும் ஒட்டாது. அதற்கும் பிறகு ‘லா பொங்கல்’, ‘குரங்கன்’ என்றெல்லாம் வந்தன. இதில் எல்லாவற்றையும்விட என்னை உலுக்கிய பேர் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’.

2017இல் இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. கானா, ராப், ராக் எல்லாம் கலந்து பத்தொன்பது பேர். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி. சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கி வைத்த கானாவை, கோட் சூட் போட்டு மேடை நடுவில் நிறுத்தினார்கள். “சாதியில்லைன்னு சொல்றவங்க எதுக்குப் பேர்லயே சாதியை வெக்கிறாங்க?” என்று டீக்கடையில் நானும் கேட்டவன்தான்.

பதில் எங்கள் பேட்டையிலேயே இருந்தது. ‘சாதியில்லாத் தமிழர்கள்’ என்று அயோத்திதாசப் பண்டிதர் பயன்படுத்திய தொடரிலிருந்து வந்த பேர் அது. அவர் 1907 ஜூன் 19 அன்று இதே ராயப்பேட்டையிலிருந்து ஒரு வாரப் பத்திரிகை ஆரம்பித்தார். அதன் பேர் ‘ஒரு பைசாத் தமிழன்’. விலையையே பேராக வைத்த பத்திரிகை! அடுத்த வருஷம் ‘ஒரு பைசா’வை எடுத்துவிட்டு ‘தமிழன்’ ஆக்கினார்கள். ஆனாலும் இன்றைக்கு எல்லோர் வாயிலும் வருவது பழைய பேர்தான். மரியாதையான பேரை விநோதமான பேர் ஜெயித்துவிட்டது.

‘பிளாக் சபாத்’ தரும் பயம் விளையாட்டுப் பயம். காஸ்ட்லெஸ் என்ற சொல் அப்படியில்லை. “நீ எந்த ஆளு?” என்று ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வாரம் சுற்றி வளைத்துக் கேட்பார்களே, அந்தக் கேள்விக்கு முகத்துக்கு நேராகச் சொல்லும் பதில் அது. கேட்டவனுக்குச் சங்கடமாக இருந்தால், அந்தச் சங்கடம் பேரில் இல்லை, அவனிடம்தான் இருந்தது. இட ஒதுக்கீடு பற்றியும் மாட்டுக்கறி பற்றியும் அவர்கள் பாடியபோது, பேர் போட்ட கேள்வியைப் பாட்டு ஏமாற்றவில்லை.

அமெரிக்காவில் சைமன் டாம் என்பவரின் பேண்டுக்கும் இதே மாதிரி நடந்தது. ஆசியர்களின் கண்ணைக் கேலி செய்யும் ‘ஸ்லாண்ட்’ என்ற வசவையே, ஆசிய வம்சாவளியினரான அவர்கள் ‘தி ஸ்லாண்ட்ஸ்’ என்று பேராக வைத்தார்கள். இழிவான சொல், டிரேட்மார்க் தர மாட்டோம் என்றது அரசு அலுவலகம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2017இல் பேண்ட் ஜெயித்தது. தீர்ப்புத் தேதி ஜூன் 19. பண்டிதரின் பத்திரிகை பிறந்து சரியாக நூற்றுப் பத்து வருஷம். தற்செயல்தான், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

‘அரியர்’ இவ்வளவு பெரிய சமாச்சாரம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேறொரு கல்லூரிப் போட்டியில் மைக்கில் “அடுத்து வருவது... அரியர்” என்று படித்ததும் ஹால் முழுக்கச் சிரிப்பு. முதல் பாட்டு சப்ளிமெண்டரி ஃபீஸ் கட்ட அம்மாவிடம் பொய் சொன்னதைப் பற்றியது. இரண்டாவது சரணத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. பரிசு வரவில்லை. இறங்கி வரும்போது முன்பின் தெரியாத ஒருத்தன் தோளைத் தட்டி, “எனக்கு ஆறு மச்சி” என்றான்.

இந்த வருஷமும் அழைப்பிதழ் அடிக்கப் போகிறார்கள். பேரை அப்படியே போடச் சொல்லி மாணவர் பேரவை மூலமாக மனு கொடுத்திருக்கிறோம். இதற்கிடையில் எங்கள் டிரம்மர் ஏப்ரல் தேர்வில் எல்லாப் பேப்பரையும் கிளியர் பண்ணிவிட்டான். “நான் இன்னும் குரூப்ல இருக்கலாமா?” என்று கேட்கிறான்.

— மூன்றாம் ஆண்டு, மின்னியல் பிரிவு